மூன்றாவது அறை எங்கே? – ஐதராபாத் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் கால அட்டவணைக்கான நியாயங்கள்

பள்ளியின் கால அட்டவணையை எழுத்தர் வேலையாகக் கருதும் பழக்கம் கல்வி ஆய்வாளர்களிடமும் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மூத்த ஆசிரியர் ஒருவர் பென்சிலும் அழிப்பானும் கொண்டு இரண்டு மூன்று நாட்கள் உட்கார்ந்து கட்டங்களை நிரப்புகிறார். தலைமையாசிரியர் கையொப்பமிடுகிறார். தாள் சுவரில் ஒட்டப்படுகிறது. அதன்பின் ஆண்டு முழுவதும் அதைப் பற்றிய முணுமுணுப்பு மட்டுமே எஞ்சுகிறது. ஒருவருக்குக் கடைசிப் பாடவேளை அதிகம் என்பார்கள். இன்னொருவருக்கு ஓய்வுப் பாடவேளை அதிகம் என்பார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் கணிதம் எப்போதும் மதியத்தில் வருகிறது என்பார்கள்.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவை கட்டங்களில் பிறப்பவை அல்ல. கட்டம் வரைவதற்கு முன்பே, எந்த ஆசிரியருக்கு எந்தப் பிரிவு, எந்தக் குழந்தை எந்தப் பிரிவில், எந்த அறை யாருக்கு என்று எடுக்கப்பட்டுவிட்ட முடிவுகளில் அவை பிறக்கின்றன. அந்த முடிவுகளுக்கான காரணங்களை எழுதிவைக்கும் வழக்கம் பள்ளிகளில் இல்லை. ஐதராபாத் போன்ற பன்மொழி நகரத்தில் இந்த எழுதாமை ஆசிரியர்களின் மனத்தாங்கலோடு நிற்பதில்லை. எந்தக் குழந்தை யாருடன் ஒரே வகுப்பறையில் ஐந்து ஆண்டுகள் அமரும் என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது.

தெலங்கானா மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளில் மூன்று மொழிகள் உண்டு. தெலுங்கை முதல்மொழியாகக் கொண்ட குழந்தை இந்தியை இரண்டாம் மொழியாகப் படிக்கிறது. உருதுவை முதல்மொழியாகக் கொண்ட குழந்தை தெலுங்கை இரண்டாம் மொழியாகப் படிக்கிறது. ஆங்கிலம் இருவருக்கும் மூன்றாம் மொழி. 2018ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் எல்லாப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் தெலுங்கைக் கட்டாயமாக்கியது. 2018–19இல் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கிப் படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு அது நீண்டது. செகந்திராபாத்தின் பாளையப் பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகளும் பெரும்பாலும் இந்த இரு குழுக்களில் ஒன்றுக்குள்தான் வந்து சேர்கிறார்கள். இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. 2022–23 கல்வியாண்டில் மாநில அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரை ஆங்கில வழி அறிமுகமாயிற்று. முன்பு பயிற்றுமொழி வேறு என்ற காரணத்தால் தனித்தனிப் பிரிவுகளில் இருந்த தெலுங்குக் குழந்தைகளும் உருதுக் குழந்தைகளும் ஆங்கில வழியைத் தேர்ந்த இடங்களில் கணிதத்தையும் அறிவியலையும் ஒரே மொழியில் படிக்கலானார்கள். அவர்களைப் பிரித்துவைக்க எஞ்சியுள்ள காரணம் மொழிப் பாடவேளைகள் மட்டுமே. அந்தக் காரணம் போதுமானதா என்பதே அட்டவணை போடுபவர் முன்னுள்ள கேள்வி.

இதற்கு விடை காண ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். இது எந்தத் தனிப் பள்ளியின் கணக்கும் அன்று. பாடவேளை எண்களும் எளிமை கருதி எடுக்கப்பட்டவை. ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள். வகுப்புக்கு இரண்டு பிரிவுகள். ஆக பத்துப் பிரிவுகள். வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளை, ஆக 48. வகுப்புக்கு அறுபது குழந்தைகள். அவர்களில் 42 பேர் தெலுங்கு முதல்மொழியினர், 18 பேர் உருது முதல்மொழியினர். வாரத்தில் முதல்மொழிக்கு 6, இரண்டாம் மொழிக்கு 4, ஆங்கிலத்துக்கு 6, கணிதத்துக்கு 8, சமூக அறிவியலுக்கு 6. அறிவியல் ஆறு, ஏழாம் வகுப்புகளில் ஒரே பாடமாக 6. எட்டு முதல் பத்து வரை இயற்பியல்–வேதியியலுக்கு 5, உயிரியலுக்கு 5. எல்லாருக்கும் உடற்கல்வி 3. மீதியில் நூலகம், ஓவியம், கணினி, வாழ்க்கைக் கல்வி முதலியன. தெலுங்கு, ஆங்கிலம், கணிதம், சமூக அறிவியல் ஆகிய நான்குக்கும் இரண்டிரண்டு ஆசிரியர்கள். உருது, இந்தி, இயற்பியல்–வேதியியல், உயிரியல் ஆகியவற்றுக்கு ஒருவர் வீதம். ஓர் உடற்கல்வி ஆசிரியர். ஆக பதின்மூன்று பேர். அறைகள் பத்து, அவற்றோடு ஓர் ஆய்வகம்.

முதலில் பணிப்பளு. கட்டத்தைத் தொடுவதற்கு முன்பே ஓர் உண்மை தெரிந்துவிடுகிறது. எந்தப் பாடவேளையை எடுத்தாலும் பத்துப் பிரிவுகளிலும் யாரேனும் ஒருவர் நின்றாக வேண்டும். எனவே பதின்மூன்று பேரில் எந்த நேரத்திலும் ஓய்வாக இருப்பவர் மூவர். அட்டவணை எவ்வளவு திறமையாகப் போடப்பட்டாலும் இந்த மூன்று நான்காகாது. ஒருவர் விடுப்பு, ஒருவர் பயிற்சி முகாம், ஒருவர் தேர்தல் பணி என்றால் கையிருப்பு பூஜ்ஜியம். ‘பதிலி வகுப்பு அதிகமாக வருகிறது’ என்ற ஆசிரியர்களின் புகாருக்கு அட்டவணையில் மருந்து இல்லை. ஆசிரியர் எண்ணிக்கையிலிருந்து பிரிவு எண்ணிக்கையைக் கழித்தால் கிடைக்கும் எண்ணில்தான் அதன் காரணம் உள்ளது. அட்டவணை தீர்மானிப்பது அந்த மூவர் யார் என்பதை மட்டுமே.

இனி யாருக்கு எவ்வளவு என்று பார்க்கலாம். கணிதத்துக்கு மொத்தம் 80 பாடவேளை, ஆளுக்கு 40. அறிவியலுக்கு 84, ஆளுக்கு 42. ஆங்கிலத்துக்கும் சமூக அறிவியலுக்கும் அறுபது அறுபது, ஆளுக்கு 30. பாடத்தகுதி வேறு என்பதால் கணித ஆசிரியரின் பத்துப் பாடவேளைகளைச் சமூக அறிவியல் ஆசிரியருக்கு மாற்ற இயலாது. எனவே பொதுவாகச் செய்யப்படுவது, நூலகம், ஓவியம், வாழ்க்கைக் கல்வி போன்ற பாடவேளைகளைக் குறைவாக உள்ளவர்களுக்குக் கொடுத்து எல்லாரையும் நாற்பதை ஒட்டி நிறுத்துவது. இந்த மாதிரிப் பள்ளியில் உடற்கல்வி நீங்கலான பன்னிருவருக்கும் சராசரி சரியாக 40 வருகிறது. தாளில் பார்த்தால் பூரண சமத்துவம்.

அந்தச் சமத்துவம் பொய்யானது. ஒரு கணித ஆசிரியரிடம் ஐந்து பிரிவுகள், 150 குறிப்பேடுகள். ஒரு குறிப்பேட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுத் திருத்தத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகும். நூலகப் பாடவேளைக்குத் திருத்த ஏதுமில்லை. குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், 2009இன் அட்டவணை, எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியருக்கு வாரத்தில் குறைந்தது 45 மணி நேரம் என்கிறது. ஆனால் அந்த 45இல் தயாரிப்பு நேரமும் அடங்கும் என்றும் அதுவே சொல்கிறது. நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைகள் நாற்பது என்றால் 30 மணி நேரம். தயாரிப்புக்கும் திருத்தத்துக்கும் மீந்திருப்பது 15 மணி நேரம். அதில் வகுப்பாசிரியர் பதிவேடுகள், மதிய உணவு மேற்பார்வை, பதிலி வகுப்புகள் எல்லாம் புகுந்துகொள்கின்றன. ஆகவே சமன்செய்ய வேண்டியது பாடவேளை எண்ணிக்கையை அன்று. எண்ணிக்கையோடு ஒட்டிவரும் வேலையை. பத்துப் பிரிவுகளுக்கு வகுப்பாசிரியர் பத்துப் பேர் போதும். பாட ஆசிரியர்களோ பன்னிருவர். 42 பாடவேளை எடுக்கும் இரு அறிவியல் ஆசிரியர்களுக்கு அந்தப் பொறுப்பிலிருந்து விலக்களிக்கலாம். பதிலி வகுப்பின் சுற்றில் கணித ஆசிரியர்களின் முறையைக் கடைசியில் வைக்கலாம். ‘எல்லாருக்கும் நாற்பது’ என்ற வாசகத்தைவிட இது நேர்மையானது. ஆனால் இதை எழுத்தில் சொன்னால்தான் மற்றவர்களால் ஏற்கவோ மறுக்கவோ முடியும்.

அடுத்து, பாடவேளைகளை நாளில் எங்கே வைப்பது? ‘கணிதம் காலையில்’ என்பது பெற்றோரும் தலைமையாசிரியர்களும் ஒருமனதாகக் கேட்கும் ஒன்று. காலையில் நான்கு பாடவேளை, ஆறு நாள்; ஆக 24. கணித ஆசிரியர்கள் இருவர். ஆகவே காலையில் நிகழக்கூடிய கணித வகுப்புகள் அதிகபட்சம் 48. தேவையோ 80. எந்த மென்பொருளாலும் இந்த எண்ணை மாற்ற முடியாது. எனவே கேள்வி, யாருக்குக் காலைக் கணிதம் கிடைக்காமல் போகும் என்பதே.

பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பின் இரு பிரிவுகளுக்கும் எட்டும் காலையிலேயே வேண்டும் என்று தொடங்குவது வழக்கம். அத்துடன் பத்தாம் வகுப்பு முழுவதையும் அனுபவம் மிக்க ஒருவரிடமே ஒப்படைப்பதும் வழக்கம். அப்போது என்ன நேர்கிறது? அவருடைய 24 காலை வேளைகளில் 16 பத்தாம் வகுப்புக்குப் போகிறது. அவரிடம் உள்ள மற்ற மூன்று பிரிவுகளுக்கு மீதி எட்டு. பிரிவுக்கு மூன்றுகூடத் தேறாது. இன்னோர் ஆசிரியரின் ஐந்து பிரிவுகளுக்கோ 24. பிரிவுக்கு ஏறத்தாழ ஐந்து. எட்டு ‘அ’ பிரிவுக்கு மட்டும் எப்போதும் மதியக் கணிதம் ஏன் என்ற கேள்விக்கு விடை இதுதான். அந்தப் பிரிவு தண்டிக்கப்பட்டது கட்டம் நிரப்பிய நாளில் அன்று; ஆசிரியர் ஒதுக்கீடு நடந்த நாளில். பத்தாம் வகுப்பின் இரு பிரிவுகளை இரு ஆசிரியர்களுக்கும் ஒன்றொன்றாகப் பிரித்தால் கணக்கு மாறிவிடும். ஒவ்வொருவருக்கும் பத்தாம் வகுப்பில் 8, மற்ற நான்கு பிரிவுகளில் நான்கு நான்காக 16, ஆக 24. எல்லாப் பிரிவுக்கும் பாதிக் கணிதம் காலையில் கிடைத்துவிடும்.

ஆனால் அதிலும் ஒரு விலை இருக்கிறது. இரு ஆசிரியர்களும் ஆறு நாளும் காலை நான்கு பாடவேளையும் இடைவிடாமல் நின்று கற்பிக்க வேண்டும். தொடர்ச்சியாக நான்காவது பாடவேளையில் கற்பிப்பவரின் குரலும் பொறுமையும் முதல் பாடவேளையில் இருந்தபடி இரா. காலையில் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தால் ஒருவருக்கு 18 வேளை கிடைக்கும். அதில் பத்தாம் வகுப்புக்கு நாளுக்கொன்றாக 6, மற்ற நான்கு பிரிவுகளுக்கு மூன்று மூன்றாக 12 என்று பிரிக்கலாம். பத்தாம் வகுப்பு இரண்டு காலை வேளைகளை இழக்கிறது. மற்றவர்கள் ஒன்றை இழக்கிறார்கள். இரு ஆசிரியர்களுக்கு மூச்சு கிடைக்கிறது. இது சரியான முடிவா என்பதை விவாதிக்கலாம். விவாதிக்கக்கூடிய வடிவில் அது இருக்கிறது என்பதே இந்தக் கணக்கின் பயன்.

இந்த இடத்தில் கணிதக் கோட்பாடு சொல்வதைக் கவனிப்பது நல்லது. ஆசிரியர்கள் ஒருபுறம், பிரிவுகள் மறுபுறம். ஒவ்வொரு வகுப்பும் இருவரை இணைக்கும் ஒரு கோடு. ஒரே பாடவேளையில் நடப்பவற்றுக்கு ஒரே நிறம் தீட்டினால், ஒரே புள்ளியைத் தொடும் இரு கோடுகளுக்கு ஒரே நிறம் கூடாது என்பதே அட்டவணையின் விதி. ஹங்கேரியக் கணிதவியலாளர் டெனெஷ் கோனிக் 1916இல் நிறுவிய தேற்றத்தின்படி, எந்த ஆசிரியருக்கும் எந்தப் பிரிவுக்கும் 48ஐ மிஞ்சாதவரை, வேறு நிபந்தனை இல்லையென்றால், 48 பாடவேளைக்குள் அட்டவணை கட்டாயம் அமையும். சிக்கல் பிறப்பது ‘இவர் இந்த நேரத்தில் கிடைக்கமாட்டார்’ என்ற நிபந்தனை சேரும்போது. அத்தகைய நிபந்தனைகளோடு ஓர் அட்டவணை சாத்தியமா என்று அறிவதே, பொதுவான நிலையில், விரைவான தீர்வுமுறை எதுவும் அறியப்படாத வகைக் கணக்கு என்பதை ஈவன், இட்டாய், ஷமிர் மூவரும் 1970களின் நடுவில் காட்டினார்கள். மூன்றே பாடவேளைகள் இருந்தாலும் அது அப்படித்தான்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. அட்டவணை ‘வரவில்லை’ என்றால் குற்றம் பாடவேளைகளின் எண்ணிக்கையில் இல்லை, நிபந்தனைகளில் இருக்கிறது. ஆகவே நிபந்தனைகளை எண்ணி, ஒவ்வொன்றும் யாருக்காக என்று எழுதி, எதைத் தளர்த்தலாம் என்று கேட்பதே முதல் வேலை. FET போன்ற இலவச மென்பொருட்களில் நிபந்தனைகளுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று எடை கொடுக்க வேண்டியிருக்கிறது. எதற்கு நூறு, எதற்குத் தொண்ணூறு என்பதை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. தட்டச்சு செய்பவர் தீர்மானிக்கிறார். பெரும்பாலும் யாரையும் கேட்காமல்.

இனி அறைகளும் மொழிகளும். மாதிரிப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் 42 தெலுங்குக் குழந்தைகளையும் 18 உருதுக் குழந்தைகளையும் இரு பிரிவுகளில் எப்படி அமர்த்துவது? எளிய வழி ஒன்று உண்டு. உருதுக் குழந்தைகள் பதினெட்டுப் பேரையும் ‘ஆ’ பிரிவில் போட்டுவிடுவது. உடன் பன்னிரண்டு தெலுங்குக் குழந்தைகள். ‘அ’ பிரிவு முழுவதும் தெலுங்கு. மொழிப் பாடவேளையில் ‘ஆ’ பிரிவு மட்டும் இரண்டாகப் பிரிந்தால் போதும். ‘அ’ பிரிவை அசைக்க வேண்டியதில்லை. அட்டவணை போடுபவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் இந்த நகரில் உருதுவை முதல்மொழியாகக் கொள்ளும் குழந்தைகள் பெரும்பாலும் எந்தச் சமூகத்தினர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆண்டுதோறும் இதே ஏற்பாடு தொடர்ந்தால் பள்ளிக்குள் ‘அவர்கள் பிரிவு’ ஒன்று உருவாகிவிடும். யாரும் பிரித்துவைக்க எண்ணியதில்லை. எந்தத் தீர்மானமும் நிறைவேற்றப்படவில்லை. வாரத்தின் 48 பாடவேளைகளில் மொழிக்குரிய பத்தின் வசதிக்காக மற்ற 38 பாடவேளைகளிலும் குழந்தைகள் பிரிந்திருக்கிறார்கள்.

மாற்று வழி, இரு பிரிவுகளிலும் 21 தெலுங்கு, 9 உருது என்று கலந்து அமர்த்துவது. முதல்மொழிப் பாடவேளை இரு பிரிவுகளுக்கும் ஒரே நேரத்தில் வரும். அப்போது அறுபது பேரும் மூன்று குழுக்களாகப் பிரிவார்கள்: தெலுங்கு 21, தெலுங்கு 21, உருது 18. இதற்கு மூன்று ஆசிரியர்களும் மூன்று அறைகளும் ஒரே நேரத்தில் வேண்டும். இரண்டாம் மொழியில் சிக்கல் குறைவு. இந்திக்கு 42 பேர் ஓர் அறையில், தெலுங்குக்கு 18 பேர் மற்றோர் அறையில். முப்பது பேருக்கான அறையில் 42 பேர் நெருக்கம்தான். ஆனால் ஒரே இந்தி ஆசிரியர் உள்ளவரை வேறு வழியில்லை. உண்மையான தடை முதல்மொழியில்தான். பிரிவு இரண்டு, அறை இரண்டு, குழு மூன்று. மூன்றாவது அறை எங்கே?

‘அறை இல்லை’ என்ற பதில் ஐதராபாத்தில் சாக்குப்போக்கு அன்று. பழைய நகரப் பகுதிகளில் ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இயங்குவதும், வாடகைக் கட்டடங்களில் பள்ளிகள் நடப்பதும் நெடுங்காலமாக உள்ள நிலை. ஆயினும் அறை இருக்கிறதா என்பதும், அந்த நேரத்தில் அறை காலியாக இருக்கிறதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். பள்ளிகள் வகுப்பு வாரியாக ஓர் அட்டவணையும் ஆசிரியர் வாரியாக ஓர் அட்டவணையும் தயாரிக்கின்றன. அறை வாரியாக மூன்றாவது அட்டவணை தயாரிப்பது அரிது. அதைத் தயாரித்தால் ஒரு பிரிவு விளையாட்டுத் திடலிலோ ஆய்வகத்திலோ இருக்கும்போது அதன் அறை பூட்டிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியும்.

மாதிரிப் பள்ளியில் உடற்கல்வி, பிரிவுக்கு மூன்று வீதம், 30 பாடவேளை. உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே என்பதால் அந்த முப்பதும் வெவ்வேறு நேரங்களில்தான் நிகழ முடியும். அந்த முப்பது நேரங்களிலும் ஓர் அறை காலி. முதல்மொழிக்கான கூட்டுவேளைகள் ஐந்து வகுப்புகளுக்கு ஆறு வீதம் அதேபோல் 30. ஒவ்வொன்றுக்கும் தெலுங்கு ஆசிரியர் இருவருமே தேவை என்பதால் அவையும் வெவ்வேறு நேரங்களில்தான் நிகழும். முப்பது காலி அறைகள், முப்பது தேவைகள். ஏழாம் வகுப்பின் ஒரு பிரிவு திடலில் இருக்கும் நேரத்தில் எட்டாம் வகுப்பின் உருதுக் குழு அந்த அறையில் அமரலாம். புதிய சுவர் ஒன்றும் எழுப்ப வேண்டியதில்லை. இரு அட்டவணைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும். இந்த முப்பது நேரங்களில் மட்டும் ஓய்வாக இருக்கும் ஆசிரியர் மூவர் அல்லர், இருவர். கலந்து அமர்த்துவதற்கு ஆள்கணக்கில் கொடுக்கும் விலை அதுதான்.

இந்த இணைப்பு வேறு முடிவுகளையும் இழுத்து வருகிறது. நாளுக்கு ஐந்து உடற்கல்வி வேளைகள். ஐதராபாத்தின் உச்சி வெயிலைத் தவிர்க்க நான்கு முதல் ஆறு வரையிலான பாடவேளைகளை விலக்கினால் மிஞ்சுபவை 1, 2, 3, 7, 8. அப்படியானால் முதல்மொழியும் அதே ஐந்து வேளைகளில்தான் வரும். வகுப்புக்கு நாளுக்கொன்று என்று சரியாகப் பொருந்துகிறது. ஆனால் தினமும் இரு வகுப்புகள் முதல்மொழியைக் கடைசி இரு வேளைகளில் படிக்கும். வாரத்தில் அத்தகைய வேளைகள் பன்னிரண்டு. அவற்றை ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு அல்லது மூன்றாகச் சுழற்ற வேண்டும். சுழற்றாவிட்டால் ஆறாம் வகுப்புக் குழந்தை ஆண்டு முழுவதும் தன் தாய்மொழியை மாலைச் சோர்வோடுதான் படிக்கும்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்தில் திடல் சேறாகும் நாளில் விளையாடப் போன பிரிவு தன் அறைக்குத் திரும்பும். அங்கே உருதுக் குழு அமர்ந்திருக்கும். உடற்கல்வி ஆசிரியர் மாணவர்களைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லும் வாரத்திலும் அதே மோதல். முதல் மோதலிலேயே ‘உருதுக் குழு வராந்தாவில் உட்காரட்டும்’ என்ற முடிவு எடுக்கப்பட்டால், கலந்து அமர்த்தியதன் நோக்கமே தலைகீழாகிவிடும். ஆகவே மாற்று அறை எது என்பது அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மேல்வகுப்புப் பிரிவுகள் ஆறுக்கும் வாரத்தில் இயற்பியல்–வேதியியலில் ஓர் இரட்டைப் பாடவேளை, உயிரியலில் ஓர் இரட்டைப் பாடவேளை என்று வைத்தால் ஆய்வகம் 24 வேளைகள் பயன்படும்; மீதி 24 வேளைகளில் அது காலி. இரட்டைப் பாடவேளைகளில் இயன்றவற்றை நான்கு முதல் ஆறு வரையிலான நேரத்துக்குத் தள்ளினால், மொழி நடக்கும் வேளைகளில் பெரும்பகுதிக்கு ஆய்வகம் மாற்று அறையாகக் கையில் இருக்கும். அங்கே இடம் மாற வேண்டியது திடலிலிருந்து திரும்பும் பிரிவே. மொழிக் குழு அன்று. மார்ச் நடுவில் அரைநாள் பள்ளி தொடங்கியதும் பாடவேளைகள் குறைந்து இந்தப் பொருத்தம் முழுவதுமாகக் கலைந்துவிடும். அந்த வாரங்களுக்குத் தனி அட்டவணை ஜூன் மாதமே போடப்பட வேண்டும். அவசரத்தில் வெட்டப்படுபவை உடற்கல்வியும், சிறிய குழுவின் மொழியும்தான்.

கலந்து அமர்த்துவதற்கு எதிரான வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. குழந்தைகள் அறை மாறும்போது நான்கைந்து நிமிடங்கள் போகின்றன. வாரத்தில் ஆறு முறை என்றால் அரைமணி நேரம். கூட்டுவேளையைக் காலை வழிபாட்டுக்கு அடுத்த முதல் பாடவேளையிலும் இடைவேளைக்கு அடுத்த பாடவேளையிலும் இயன்றவரை வைத்தால், எப்படியும் நகர வேண்டிய நேரத்தோடு அந்த நகர்வு சேர்ந்துவிடும். இழப்பு குறையும், மறையாது. இன்னொரு வாதம், உருது பேசும் குழந்தைகள் ஒன்றாக இருந்தால் அவர்களுக்குத் துணையும் துணிவும் கிடைக்கும் என்பது. உருதுப் பயிற்றுமொழிப் பள்ளிகளுக்கு அந்த வாதம் முழுவதும் பொருந்தும். பயிற்றுமொழி தாய்மொழியாக இருப்பதன் நன்மை வேறு. தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ கூறும் நோக்கமும் வேறு. ஆங்கில வழியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் படிக்கும் குழந்தைகளை ஆறு பாடவேளை உருதுவுக்காகத் தனிப் பிரிவாக்குவதற்கு அந்த நியாயத்தைக் கடன் வாங்க முடியாது. பெற்றோர் அப்படித் தனிப்பிரிவை விரும்பினால், அது அவர்களைக் கேட்டு எடுத்த முடிவாக இருக்க வேண்டும். கட்டம் நிரப்புபவரின் வசதியிலிருந்து தானாக விளைந்ததாக இருக்கக் கூடாது.

இவ்வளவும் சாத்தியம் என்று எண்கள் காட்டுகின்றன. எல்லா நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தும் என்று அவை உறுதி சொல்வதில்லை. காலைக் கணித வரம்பு, மொழிக் கூட்டுவேளை, ஆய்வக இரட்டை வேளை மூன்றையும் சேர்த்து வைக்கும்போது ஏதோ ஒன்று இடிக்கவே செய்யும். எனவே வைக்கும் வரிசை முக்கியமானது. முதலில் முப்பது மொழிக் கூட்டுவேளைகளும் அவற்றோடு இணைந்த உடற்கல்வியும், பிறகு ஆய்வக இரட்டை வேளைகள், பிறகு கணிதம், கடைசியில் எங்கும் நகரக்கூடிய ஆங்கிலம், சமூக அறிவியல், நூலகம். அதிகம் பேரைக் கட்டிப்போடுவதை முதலில் வைக்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இதற்கு எதிர்: பத்தாம் வகுப்புக் கணிதம் முதலில், மூத்த ஆசிரியர்களின் விருப்பங்கள் அடுத்து, சிறிய குழுவின் மொழி மிஞ்சிய இடத்தில். மிஞ்சிய இடம் இல்லாதபோது குழந்தைகள் தனிப் பிரிவுக்குப் போகிறார்கள்.

ஆகவே கேட்கப்பட வேண்டியது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் அன்று. சுவரில் ஒட்டப்படும் அட்டவணையோடு ஒரு பக்கக் குறிப்பு ஒட்டப்பட வேண்டும். ஒவ்வோர் ஆசிரியருக்கும் பாடவேளை எத்தனை, அதோடு திருத்தும் குறிப்பேடு எத்தனை. ஒவ்வொரு பிரிவுக்கும் காலைக் கணிதம் எத்தனை, மாலை மொழி எத்தனை. எந்த அறை எப்போது காலி. பிரிவுகள் எந்த அடிப்படையில் பிரிக்கப்பட்டன. இந்த நான்கும் அதில் இருந்தால் போதும். கல்வியியல் துறைகளில் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குச் செல்லும் மாணவர்கள் இந்த நான்கு எண்களையும் இரண்டு நாட்களில் எடுத்துவிடலாம்; அதற்கு வேண்டிய தாள்கள் எல்லாம் தலைமையாசிரியர் அறையிலேயே இருக்கின்றன. நான்காவது வரியை எழுத ஒரு பள்ளி தயங்குமானால், அந்தப் பள்ளியில் முதலில் படிக்க வேண்டிய வரியும் அதுவே.